மாநிலம் என்ற ஒரு கட்டம்

வீட்டில் என்னைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பயப்பட வேண்டியதற்குப் பயப்படாதவர்களோடுதான் நான் வேலை பார்த்தேன். அவர்கள் செய்து வைத்ததைத்தான் பிறகு நான் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

பாகூரில் ஒரு பைப் டெப்போவில் ஜூனியர் அக்கவுண்டன்டாக இருந்தேன். போர்வெல் பைப், வீட்டுக் குழாய், டேங்க், மோட்டார் எல்லாம் மொத்தமாக வாங்கி, சுற்றுவட்டாரத்துச் சின்னக் கடைகளுக்குக் கொடுக்கிற வியாபாரம். ஆபீசில் நாங்கள் இரண்டு பேர். நானும், நான் வருவதற்குப் பல வருஷம் முன்பிருந்தே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரும். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்கு மேலே முதலாளி. வில்லியனூரில் இருந்த ஆடிட்டர் போனில் மட்டும் வருவார். நாங்கள் மாதாமாதம் அனுப்புகிற விற்பனைக் கணக்கை அவர்தான் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றுவார்.

பி.காம். முடித்து ரொம்ப நாள் வீட்டில் சும்மா இருந்த பிறகு கிடைத்த வேலை அது. குருவிநத்தத்திலிருந்து ஸ்கூட்டியில் போய்வரலாம் என்பதால்தான் அப்பா விட்டார். "வேலை இருக்குற வரைக்கும் இரு. வேலை போச்சுன்னா மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிடுவோம்" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். அவள் சிரித்துக்கொண்டே சொல்வதெல்லாம் நடக்கும். ஜாதகத்தை ஏற்கெனவே ஒரு தரம் நகலெடுத்து வைத்திருந்தாள்.

அன்று மாத நடுப்பகுதி. மத்தியானச் சாப்பாட்டை முடித்து உட்கார்ந்தபோது போன் அடித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், கடலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர். எங்களிடம் புதிதாக வாங்க ஆரம்பித்தவர். போன மாதம்தான் முதல் லோடு எடுத்திருந்தார்.

"இன்னாம்மா பில்லு போட்டிருக்கீங்க? எங்க ஆடிட்டரு கிரெடிட்டு கிடையாதுங்கிறாரு. காசு குடுத்து வாங்கிட்டு வரியும் நானே சொமக்கணுமா?"

வரிக் கணக்கில் இது பெரிய விஷயம். நாங்கள் அவருக்கு விற்கும்போது விலையோடு பதினெட்டு சதவீத வரியும் சேர்த்து வாங்குகிறோம். அதை நாங்கள் அரசுக்குக் கட்டுவோம். அவர் அந்தப் பைப்பைத் தன் வாடிக்கையாளருக்கு விற்றுவிட்டு வரி கட்டும்போது, எங்களிடம் ஏற்கெனவே கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். அந்தக் கழிவுதான் கிரெடிட். விற்றவர் ஏற்றிய பில்லெல்லாம் வாங்கியவருக்கு மாதாமாதம் போர்ட்டலில் ஒரு பட்டியலாக வரும். அதில் கிரெடிட் உண்டு என்று ஒரு பகுதியும், கிடையாது என்று ஒரு பகுதியும் இருக்கும். எங்கள் பில் இரண்டாவதில் போய் உட்கார்ந்திருந்தது.

ஏதாவது எண் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பில்லைத் திறந்தேன். பெயர் சரி. ஜிஎஸ்டி நம்பர் சரி. தொகை சரி. கீழே வரி இருந்த இடத்தில்தான் தப்பு இருந்தது.

மத்திய வரி ஒன்பது, மாநில வரி ஒன்பது என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால்தான் அப்படிப் பிரியும். மாநிலம் தாண்டிப் போகிற சரக்குக்குப் பிரிக்கக் கூடாது. ஒருங்கிணைந்த வரி என்று பதினெட்டும் ஒரே தலைப்பில் போக வேண்டும். ஜிஎஸ்டி நம்பரின் முதல் இரண்டு இலக்கம்தான் மாநிலம். எங்களுடையது முப்பத்து நான்கு, புதுச்சேரி. அவருடையது முப்பத்து மூன்று, தமிழ்நாடு. தமிழ்நாட்டுக் கடைக்காரர் புதுச்சேரிக்குப் போன மாநில வரியைக் கழிக்க முடியாது. போர்ட்டல் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம்.

எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பாகூரிலிருந்து கிளம்பினால் ஒரு கரும்பு வயல் புதுச்சேரி, அடுத்தது தமிழ்நாடு, வளைவு திரும்பினால் மறுபடி புதுச்சேரி. பிராந்திக் கடை வரிசையாக வந்தால் நம்ம ஊர், நின்றுபோனால் அவங்க ஊர். எங்கள் பின்கோடுகூடக் கடலூர்க்காரர்களுடையதைப் போலத்தான் ஆரம்பிக்கும். பெண் எடுப்பது, கொடுப்பது, கூழ் ஊற்றுவது, சாவுக்குப் போவது எதிலும் இந்த எல்லை கிடையாது. குட்டி யானை வண்டியில் பைப்பை ஏற்றிவிட்டு டிரைவரிடம் "அக்கரைக் கடை" என்போம். வேறு மாநிலம் என்று ஒருநாளும் யாரும் சொன்னதில்லை.

சாஃப்ட்வேரில் அவருடைய கணக்குப் பக்கத்தை, லெட்ஜரை, திறந்தேன். மாநிலம் என்ற கட்டத்தில் புதுச்சேரி என்று இருந்தது. அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் சாஃப்ட்வேர் வரியைப் பிரிக்கும். போன மாதம் அந்த லெட்ஜரைப் புதிதாகத் திறந்தவள் நான்.

எங்கள் ஆபீசில் புதுக் கடைக்கு லெட்ஜர் திறக்கிற முறை ஒன்று உண்டு. புதிதாக எல்லாக் கட்டத்தையும் நிரப்ப மாட்டோம். பழைய கடை ஒன்றின் லெட்ஜரைக் காப்பி எடுத்து, பெயர், விலாசம், ஜிஎஸ்டி நம்பர், போன் நம்பர் நான்கை மட்டும் மாற்றுவோம். கடன் நாள், தள்ளுபடி எல்லாம் அப்படியே வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அண்ணன் காட்டிக்கொடுத்த வழி அது. சீக்கிரம் முடியும். மாநிலமும் அப்படியே வந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. சாஃப்ட்வேரும் பழசு. நம்பரில் ஒன்று, கட்டத்தில் ஒன்று என்று இருந்தால் ஒரு வார்த்தை கேட்காது.

சரி, ஒரு பில். திட்டு வாங்கிக்கொண்டு திருத்திவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. நான் எந்த லெட்ஜரிலிருந்து காப்பி எடுத்தேன்? அதுவும் ஓர் அக்கரைக் கடைதான். அதைத் திறந்து பார்த்தேன். நம்பர் முப்பத்து மூன்று. மாநிலம் புதுச்சேரி. அது நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே திறந்த லெட்ஜர்.

விற்பனைக் கணக்கை ஜிஎஸ்டி நம்பர் வரிசையில் எடுத்து, முப்பத்து மூன்றில் ஆரம்பிக்கிறவற்றை மட்டும் வடிகட்டினேன். ஒருங்கிணைந்த வரி என்ற பத்தியில் ஒரு ரூபாய்கூட இல்லை. அந்தப் பத்தி மேலிருந்து கீழ் வரை காலி. போன வருஷத்தைப் போட்டேன், காலி. அதற்கு முந்தின வருஷத்தைப் போட்டேன், அதுவும் காலி. எங்கள் வியாபாரத்தில் பாதிக்குக் கிட்ட அக்கரைக் கடைகள். அத்தனை வருஷமாக, அத்தனை கடைக்கும், அத்தனை பில்லும் தப்பு.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து ஸ்க்ரீனை மூடிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று பார்த்தேன். திருட்டுத்தனம் செய்தவள் மாதிரி நடந்துகொண்டேன். ஏன் என்று எனக்கே புரியவில்லை.

அண்ணனிடம் சொல்லாமல் இருக்க முடியாது. டீ வந்தபோது மெதுவாகச் சொன்னேன். அவர் டீயை முழுதும் குடித்து முடித்தார். பிறகு கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"எத்தினி வருசம் போய்ப் பாத்த?"

"மூணு வருசம்ண்ணா. அதுக்கு மேல பயமா இருந்துச்சி, பாக்கல."

"பாக்காத." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. "இத்தினி நாளு யாருனா கேட்டாங்களா? வரி கட்டாம வுட்டமா? கட்டினோம். இந்தப் பாக்கெட்டுல போட வேண்டியத அந்தப் பாக்கெட்டுல போட்டுட்டோம், அவ்ளோதான். உன் பில்லு ஒன்னுதான் தப்புன்னு சொல்லு. கிரெடிட் நோட்டு போட்டு அந்த பில்ல அடிச்சிட்டு வேற பில்லு குடுத்துடலாம். மொதலாளி கத்தினார்னா நான் பேசிக்கிறேன்."

"மத்த கடைங்க?"

"அவங்க யாரும் அந்தப் பட்டியலப் பாக்கறது இல்லம்மா. நம்ம பில்ல வெச்சி கிரெடிட்டு எடுத்துக்கினு போய்க்கினே இருக்காங்க. நீ எதுக்குத் தூங்கறவன எழுப்புற?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தக் கடைக்காரர்கள் கிடைக்காத கிரெடிட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்றைக்காவது தமிழ்நாட்டு வரி ஆபீசில் ஒருவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எடுத்ததையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் போகும். எங்களுக்கு இல்லை, அவர்களுக்கு. தகரக் கூரை போட்ட கடையில் புருஷன் பைப் வெட்ட, பெண்டாட்டி கல்லாவில் உட்காருகிற மாதிரி ஆட்கள் அவர்கள். மறுபக்கம், ஒரே பில் என்று சொன்னால் அது நான் திறந்த லெட்ஜர், என் தப்பு, அத்தோடு முடிந்தது. எல்லாம் என்று சொன்னால் அண்ணன் மாட்டுவார், கூடவே நானும் மாட்டுவேன். எப்படிப் பார்த்தாலும் என் தலை உருளும். எவ்வளவு தூரம் உருளும் என்பதுதான் கேள்வி.

அன்று சாயங்காலம் ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கரும்பு லாரிக்குப் பின்னாலேயே போனேன். முந்திப் போகத் தெம்பில்லை. அம்மா தட்டில் இட்லி வைத்துவிட்டு, "இன்னாடி மொகம் ஒரு மாதிரி இருக்கு, ஆபீசுல எதுனா திட்டுனாங்களா?" என்றாள். இல்லை என்றேன். "திட்டுனா வுட்டுட்டு வா, ஒன்னும் அவசியமில்ல" என்றாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை நான் வண்டியை நிறுத்தும்போதே அக்கரைக் கடைக்காரரின் பைக் வாசலில் நின்றது. உள்ளே முதலாளி முன்னால் பில்லை விரித்துப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"மொதலாளி, இந்த வரிய நான் புடிச்சிக்கினுதான் மீதிய குடுப்பேன். சொல்லிட்டேன்."

முதலாளி பெரிய கோபக்காரர் இல்லை. ஆனால் கோபம் வரும்போது குரல் இறங்கிவிடும். அந்த இறங்கின குரலில் என்னைக் கூப்பிட்டார். "இந்த பில்லு யாரு போட்டது?"

"நான்தான் சார். மாநிலம் தப்பா வுழுந்துடுச்சி. கிரெடிட் நோட்டு போட்டுட்டு ஒருங்கிணைந்த வரியில வேற பில்லு குடுத்துடலாம் சார். இந்த மாசக் கணக்குலயே ஏறிடும். அவருக்குக் கிரெடிட்டு வந்துடும்."

"பாத்துப் போடறதில்ல? சரி, இப்பவே போட்டுக் குடு." அவ்வளவுதான். முடிந்துவிட்டது. அண்ணன் தன் நாற்காலியில் சாய்ந்து உட்காருவது தெரிந்தது.

அப்போது கடைக்காரர், கோபம் தணிந்த குரலில், "என் மச்சானும் உங்ககிட்டதான் மொதலாளி அஞ்சாறு வருசமா வாங்கறான். அவனுக்கெல்லாம் சரியாத்தான போடறீங்க? எனக்கு மட்டும் இன்னா?" என்றார். குத்திக் காட்டத்தான் கேட்டார். அதில் இருந்த வெடி அவருக்குத் தெரியாது.

முதலாளி என்னைப் பார்த்தார். "அவங்களுதெல்லாம் சரியா இருக்குல்ல? இது ஒன்னுதான?"

ஆமாம் சார் என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். வாயைத் திறந்தும் விட்டேன். அண்ணன் என்னைப் பார்க்காமல் கால்குலேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது ஆமாம் என்றால், இனிமேல் மாதாமாதம் அந்தக் காலிப் பத்தியை நானே அனுப்ப வேண்டும். தெரிந்தே அனுப்ப வேண்டும். நேற்றுவரை அது ஆபீஸ் பழக்கம். இன்றிலிருந்து அது என் பொய். அந்தப் பயம் வேலை போகிற பயத்தைவிட ஒரு இம்மி பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். தைரியம் என்று இதை யாரும் நினைத்துவிட வேண்டாம்.

"இல்ல சார். எல்லாமே அப்டித்தான் இருக்குது."

கடைக்காரர் "அய்யய்யோ" என்றார். அவர் மச்சானை நினைத்திருப்பார். முதலாளி அவரை மரியாதையாகவே வெளியே அனுப்பிவிட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்தினார். நான் நேற்றுப் பார்த்த கணக்கை ஸ்க்ரீனில் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அவர் வருஷம் வருஷமாகப் பார்த்துவிட்டு, ஆடிட்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

ஆடிட்டர் முதலில் நம்பவில்லை. பிறகு எங்கள் பழைய கணக்கைத் தானே திறந்து பார்த்தார். அவரும்தானே ஏற்றிக்கொண்டிருந்தார்? "போர்ட்டல் இத திருப்பி அனுப்பாது சார்" என்றார் கடைசியில், தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறவர் போல. "லாட்ஜுல வந்து தங்கறவங்க எந்த ஊரு நம்பர் குடுத்தாலும் வரி இப்டித்தான் பிரியும், அங்க அது சரி. அதனால தப்புன்னு காட்டாம ஏத்திக்கும்."

"இப்ப இன்னா பண்ணணும், அத சொல்லுங்க."

அவர் சொன்னார். இந்த வருஷத்துப் பில்களைக் கிரெடிட் நோட் போட்டுத் திருத்தலாம். போன வருஷத்துப் பில்களுக்கு நவம்பர் கடைசி வரைதான் நேரம். அதற்கு முந்தின வருஷங்களுக்கு ஒரே வழிதான்: அத்தனை வரியையும் ஒருங்கிணைந்த வரியாக முதலிலிருந்து இன்னொரு தரம் கட்ட வேண்டும். கட்டிவிட்டு, தப்பான தலைப்பில் கட்டினதைத் திருப்பிக் கொடுங்கள் என்று விண்ணப்பிக்க வேண்டும். இந்த மாதிரித் தப்புக்கு விற்றவரிடம் வட்டி கேட்பதில்லை, சட்டத்திலேயே அப்படி இருக்கிறது.

"திரும்பி எப்ப வரும்?"

"வரும் சார். அவங்க பாத்துக் குடுக்கும்போது வரும்."

"வாங்கினவங்க?"

"எடுத்த கிரெடிட்ட திருப்பணும் சார், வட்டியோட. இந்த வருசமும் போன வருசமும் புது பில்ல வெச்சி மறுபடி எடுத்துக்கலாம். பழைய வருசத்துக்கு நேரம் போயிடுச்சி. அது அவங்களுக்குப் போனது போனதுதான்."

போனை வைத்துவிட்டு முதலாளி கால்குலேட்டரில் ஏதோ தட்டிப் பார்த்தார். அபிஷேகப்பாக்கத்தில் இரண்டாவது குடோன் போட இடம் பார்த்து, அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தார் முதலாளி. அதைத்தான் நினைத்திருப்பார்.

"இந்த லெட்ஜர்லாம் யாரு தொறந்தது?"

அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினார். "கடைசியா தொறந்தது இது." பொய் இல்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் அதே நாற்காலியைத் தேய்த்தவர் ஒரே கையசைப்பில் எல்லாவற்றையும் என் மடியில் கொட்டிவிட்டார்.

முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசியத் தொறந்தது இது. மொத லெட்ஜர்?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். அந்த நிமிஷம் அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அதுவும் உண்மை.

"மொதல்ல சரி பண்ணுங்க. யாரு வூட்டுக்குப் போறதுன்னு அப்புறமா பாத்துக்கலாம்" என்றார் முதலாளி. எழுந்தவர் என்னைப் பார்த்து நின்றார். "எல்லாக் கடைக்கும் போன் போட்டுச் சொல்லிடணும். நோட்டீசு வந்து தெரிஞ்சிக்கக் கூடாது. நம்ம வாயால தெரியணும். நீதான கண்டுபுடிச்ச, நீயே சொல்லு."

மன்னித்துவிட்டாரா, தண்டனை கொடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனை எடுத்தேன். எங்களிடம் நிறைய வாங்குகிற, கொஞ்சம் பெரிய கடை ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். கத்துவார்கள், கத்தட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எடுத்தது ஒரு பெண் குரல், என்னைவிடச் சின்னது. கணக்குப் பார்க்கிறவங்ககிட்ட பேசணும் என்றேன். "நான்தான்க்கா. சேந்து கொஞ்ச மாசம்தான் ஆவுது" என்றாள்.

சொன்னேன். எந்தப் பில், எந்தத் தலைப்பு, பட்டியலில் எந்தப் பகுதியில் பார்க்க வேண்டும், எவ்வளவு திருப்ப வேண்டும், எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கீபோர்டைத் தட்டுவது கேட்டது. பிறகு தட்டுகிற சத்தம் நின்றது. கிடையாது என்ற பகுதியில் எங்கள் பில்லெல்லாம் வரிசையாக நிற்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்தது.

பிறகு, பக்கத்தில் யாரோ இருக்கிற மாதிரி, வாயைக் கையால் மூடிக்கொண்டு கேட்டாள்.

"அக்கா... இத எங்க மொதலாளிகிட்ட நான்தான் சொல்லணுமாக்கா?"

நேற்றிலிருந்து நான் யாரிடமாவது கேட்க நினைத்தது அதைத்தான்.

"வேணாம்மா" என்றேன். "போன அவருகிட்ட குடு. நான் சொல்றேன்."

நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது. ஆண் குரல் ஒன்று, "யாரு?" என்றது. நான் டெப்போவின் பெயரைச் சொல்லிவிட்டு, தப்பு எங்களுடையது என்று ஆரம்பித்தேன்.